கொசு வலையை மட்டும் மாற்றலாம்: காடியும் ரப்பர் கயிறும்

கேள்வி: எங்கள் பிளாட்டில் அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல். கொசு வலை கீழ் மூலையில் கிழிந்துவிட்டதால் நானே புது வலை வாங்கி மாட்டினேன். இரண்டே வாரத்தில் மூலையில் ரப்பர் கயிறு வெளியே வந்துவிட்டது, வலையும் தொய்ந்து தொங்குகிறது. கடையில் கேட்டால் ஷட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். வலையை மட்டும் சரியாகப் போட முடியுமா? நான் எங்கே தப்பு செய்தேன்?

முடியும். சட்டத்தின் நான்கு மூலை இணைப்புகளும் ஆடாமல் இருந்து, கயிறு உட்காரும் பள்ளமான காடி நசுங்காமல் இருந்தால் ஷட்டரை மாற்ற வேண்டியதே இல்லை. மாற்ற வேண்டியவை வலையும் கயிறும் மட்டும்தான்.

உங்கள் தப்பு எங்கே என்பதை அந்தக் கயிறே சொல்லும். அதைப் பிடுங்கி எறிவதற்கு முன்னால் மூலையை ஒரு முறை உற்றுப் பாருங்கள். கயிறு மூலைக்குப் போய்ச் சேராமல், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைந்து வெற்றுக் காடி தெரிகிறதா? அப்படியானால் அழுத்தும்போது கயிறை இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள். இந்தக் கயிறு பெரும்பாலும் மென்மையான பிவிசி. இழுத்தால் நீளும், நீளும்போது மெலியும், பிறகு சில நாட்களில் மெல்ல மெல்லப் பழைய நீளத்துக்குத் திரும்பும். அப்படித் திரும்பும்போது குறையும் நீளம் மூலையில்தான் தெரியும்.

கயிறு குறையாமல், மூலையில் முடிச்சுப் போல மேலே துருத்திக்கொண்டு நிற்கிறதா? அங்கே வலை மடிந்து இரண்டு மூன்று அடுக்காகக் காடிக்குள் சேர்ந்திருக்கிறது, கயிறு உட்கார இடம் இல்லை. மூன்றாவது சாத்தியமும் உண்டு: மூலையில் தொடங்கி, விரலால் லேசாக இழுத்தாலே பக்கம் முழுக்கக் கயிறு உருவிக்கொண்டு வருகிறது என்றால், காடிக்கு அந்தக் கயிறு மெல்லியது, அல்லது பழைய கயிறையே திரும்பப் போட்டிருக்கிறீர்கள். வெயிலில் சில வருடம் காய்ந்த கயிறு விறைத்துப்போயிருக்கும். காடியின் சுவரை அமுக்கிப் பிடிக்கும் தன்மை அதில் இருக்காது. நகத்தால் அழுத்திப் பார்த்து, பள்ளம் விழவில்லை என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

வலை தொய்வது வேறு கதை. பெரும்பாலும் முதல் பக்கத்தில் வலையை நேராக வைக்காததால் வருவது அது. செய்முறையில் அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

போன வருடம் சென்னையில் என் அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நான் செய்ததையே அளவுகளோடு சொல்கிறேன். உங்கள் ஜன்னலுக்கு அளவு மாறும், முறை மாறாது.

மூன்று டிராக் உள்ள ஜன்னல் அது. இரண்டில் கண்ணாடி, ஒன்றில் வலை. ஷட்டரைக் கழற்றுவதில் பெரிய விஷயம் இல்லை. மேல் டிராக்கின் பள்ளம் ஆழமாக இருக்கும். ஷட்டரை இரண்டு கையாலும் மேலே தூக்கி, கீழ்ப்பக்கத்தை நம் பக்கமாக இழுத்தால் வந்துவிடும். தூக்க இடம் இல்லாமல் இறுக்கமாக இருந்தால், கீழ்ச் சட்டத்தின் ஓரத்தில் சக்கரத்தை ஏற்றி இறக்கும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் திருப்பினால் ஷட்டர் கொஞ்சம் இறங்கும், தூக்க இடம் கிடைக்கும். மாடி வீட்டில் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். வெளியே சாயாமல், வீட்டுக்குள் நின்றபடியே இழுங்கள். இன்னொருவர் மேல் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். கழற்றும் முன் மேல்பக்கம் எது, உள்பக்கம் எது என்று சட்டத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டுவிடுங்கள். திருப்பி மாட்டும்போது அது இல்லாமல் குழம்பிப்போவோம்.

அக்கா வீட்டு வலையில் கிழிசல் ஒரு விரல் அளவுதான். ஒட்டுப்போட்டால் போதுமே என்று கேட்டாள். வலையைக் கிழியாத இடத்தில் இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், விரலில் சாம்பல் நிறத்தில் தூள் ஒட்டியது. ஃபைபர் கிளாஸ் வலை என்பது கண்ணாடி இழைக்கு மேல் பிவிசி பூசியது. வெயிலில் அந்தப் பூச்சு உதிரத் தொடங்கிவிட்டால், இன்று இங்கே ஒட்டினால் நாளை பக்கத்தில் கிழியும். தூள் வராமல், அணிலோ பூனையோ கிழித்த ஓட்டை மட்டும் என்றால் ஒட்டுப்போடுவது நியாயமான வேலைதான். இன்னொன்று, அந்தத் தூள் பட்டால் தோல் அரிக்கும். பழைய வலையைச் சுருட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பழைய கயிறு எங்கே முடிகிறது என்று பார்த்து, அந்த முனையை சிறிய தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் மீதி உருவிக்கொண்டு வரும். பிறகு காடியைச் சுத்தம் செய்ய வேண்டும். பலரும் தாண்டிப்போகும் இடம் இது. சமையலறை ஜன்னல் என்றால் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து காடியின் அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும். அதன் மேல் கயிறு உட்கார்ந்தால் ஒரு மில்லிமீட்டர் மேலேயே நிற்கும், கை பட்டால் நழுவும். பழைய டூத் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, முழுக்கக் காயவிட்டேன்.

அடுத்தது கயிறின் அளவு. இந்த வேலை நிற்பதும் விழுவதும் இங்கேதான் என்பேன். பழைய கயிறை மட்டும் கடைக்கு எடுத்துப் போனால் ஏமாற வாய்ப்பு உண்டு, ஏனென்றால் அது நசுங்கியும் சுருங்கியும் இருக்கும். காடியின் அகலத்தையே அளந்துகொள்ளுங்கள். அக்கா வீட்டு ஷட்டரில் 4.5 மில்லிமீட்டர் இருந்தது. வலை காடிக்குள் இறங்கி, கயிறைச் சுற்றிக்கொண்டு, மறுபுறம் ஏறும். ஆக, கயிறுக்கு இரண்டு பக்கமும் வலையின் கனம் இருக்கும். சாதாரண ஃபைபர் கிளாஸ் இழை சுமார் 0.28 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.6-க்குக் கொஞ்சம் குறைவு. அதைக் கழித்தால் கயிறுக்குக் கிடைக்கும் இடம் 3.9. கயிறு இந்த இடத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால்தான் நசுங்கி உள்ளே போய், பிறகு விரிந்து பிடிக்கும்.

நான் கடையில் 4 மில்லிமீட்டரிலும் 4.5-லும் ஒரு சாண் துண்டு கேட்டு வாங்கி வந்தேன். மீந்த வலைத் துண்டைக் காடியின் மேல் வைத்து இரண்டையும் அழுத்திப் பார்த்தேன். 4 மில்லிமீட்டர் கயிறு கட்டைவிரலால் அழுத்தியதுமே உள்ளே போய்விட்டது, வலையைப் பிடித்து இழுத்ததும் வெளியே வந்தது. நாலரைக்குக் கயிறை அழுத்தும் உருளை தேவைப்பட்டது, ஆனால் இழுத்தபோது அசையவில்லை. அதையே வாங்கினேன். ஐந்தைப் போட்டிருந்தால் உருளை காடியை விட்டு வழுக்கி ஓடியிருக்கும், வலையும் காடி விளிம்பில் அறுந்திருக்கும். எல்லாக் காடியும் நேர்ச்சுவராக இருக்காது, சிலவற்றில் வாய் குறுகி உள்ளே அகன்றிருக்கும். அதனால் கணக்கு ஒரு தொடக்கம்தான், துண்டு வைத்துப் பார்ப்பதே முடிவு. யுபிவிசி ஜன்னல் என்றால் கயிறு உருண்டையாக இல்லாமல் தட்டையாகவோ ஆப்பு வடிவிலோ இருக்கலாம். அதற்கு அதே வடிவம்தான் வேண்டும், ஒரு துண்டை வெட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

வலையைப் பற்றி ஒன்று மட்டும். பூனை பிறாண்டினாலும் தாங்கும் தடித்த பாலியஸ்டர் வலை, ஸ்டீல் வலை என்றெல்லாம் கிடைக்கும். முதல்முறை செய்பவர்களுக்கு ஃபைபர் கிளாஸே நல்லது. அது வளையும், மடங்கும், தப்பாகப் போனால் கயிறை உருவித் திரும்பப் போடலாம். ஸ்டீலில் ஒருமுறை விழுந்த மடிப்பு விழுந்ததுதான். தடித்த வலைக்கு மாறினால் கயிறு ஓர் அளவு மெல்லியதாக வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நெசவில் 18×16 என்பது வழக்கமான ரகம், ஓர் அங்குலத்தில் ஒரு பக்கம் 18 இழை, மறுபக்கம் 16. கண் சுமார் 1.1-க்கு 1.3 மில்லிமீட்டர் வரும். கொசுவுக்கு அது போதும்.

ஷட்டர் 60 சென்டிமீட்டர் அகலம், 120 உயரம். சுற்றளவு 360. கயிறு 4 மீட்டர் வாங்கினேன். வலை ஒவ்வொரு பக்கமும் காடியைத் தாண்டி 5 சென்டிமீட்டராவது வெளியே நிற்க வேண்டும், ஆகவே 70-க்கு 130 தேவை. மூன்றடி அகலச் சுருளில் ஒன்றரை மீட்டர் வெட்டி வாங்கினேன். மீந்ததைத்தான் கயிறு சோதிக்கப் பயன்படுத்தியது. இது தவிர உருளை ஒன்று வேண்டும். மரக் கைப்பிடியின் இரண்டு முனையிலும் சின்னச் சக்கரம் இருக்கும். ஒன்றின் விளிம்பு குவிந்திருக்கும், மற்றதன் விளிம்பில் பள்ளம் ஓடும். பள்ளம் உள்ளது கயிறின் மேல் உட்கார்ந்து அதை அழுத்துவதற்கு. குவிந்தது, உலோக வலையை முதலில் காடிக்குள் மடக்கி விடுவதற்கு. ஃபைபர் கிளாஸுக்குப் பள்ளச் சக்கரம் மட்டும் போதும். ஸ்க்ரூடிரைவரால் முழுச் சுற்றையும் குத்திக் குத்தி இறக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து இடத்தில் ஓர் இடத்தில் இழை அறுந்துவிடும், வலை மாட்டிய பிறகுதான் அது தெரியும். உருளை வாங்கிவிடுங்கள்.

சரி, இனி மாட்டும் வேலை. முதலில் ஒரு தப்பைச் சொல்கிறேன். நான் முதன்முதலில் என் வீட்டு ஷட்டருக்கு வலை போட்டபோது, கட்டிலுக்கு நாடா கட்டுவது போல வலையை இழுத்து இழுத்து இறுக்கினேன். பார்க்கத் தப்பட்டை போல விறைப்பாக இருந்தது. ஷட்டரை மாட்டியபோது நிலையோடு ஒட்டவில்லை. நூல் பிடித்துப் பார்த்தால் நீளப் பக்கத்தின் நடுப்பகுதி நான்கு மில்லிமீட்டர் உள்ளே வளைந்திருந்தது. அலுமினியச் சட்டம் மெல்லியது, நடுவில் அதற்குத் தாங்கல் கிடையாது. நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் வலை போட்டதற்கே அர்த்தமில்லை. அன்றிலிருந்து வலையைக் கையால் இழுப்பதில்லை. காரணம் எளிது: கயிறு காடிக்குள் இறங்கும்போது வலையையும் தன்னோடு உள்ளே இழுத்துக்கொண்டுதான் இறங்கும். நான்கு பக்கமும் அப்படி இழுபட்டாலே போதிய விறைப்பு வந்துவிடும். நம் கை வலையைச் சுருக்கமில்லாமல் வைத்திருந்தால் போதும்.

இருந்தாலும் 120 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு முன்னேற்பாடு செய்வேன். மூலைக்குப் பக்கத்தில் இரண்டு நீளச் சட்டங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து, சரியாக அதே நீளத்தில் ஒரு மர ரீப்பர் துண்டை வெட்டி, ஷட்டரின் நடுவில் குறுக்கே வைத்துவிடுவேன். சட்டத்தைவிட மெல்லிய துண்டாக இருக்க வேண்டும், அப்போதுதான் மேலே வரும் வலையில் முட்டாது. வேலை முடிந்ததும் பின்பக்கமாக எடுத்துவிடலாம்.

ஷட்டரைத் தரையில், காடி மேலே தெரியும்படி வைத்து, வலையை அதன் மேல் விரியுங்கள். ஒரு நீளப் பக்கத்தில் தொடங்குங்கள். வலையின் ஓர் இழை காடியின் விளிம்போடு இணையாக, மூலை முதல் மூலை வரை விலகாமல் ஓட வேண்டும். நான் சொன்ன தொய்வு இங்கேதான் பிறக்கிறது. முதல் பக்கத்தில் இழை சாய்ந்தால், நான்காவது பக்கத்துக்கு வரும்போது ஒரு மூலையில் வலை மிச்சமும் எதிர் மூலையில் பற்றாக்குறையும் வரும். அதைச் சரிசெய்ய இழுப்போம், நடுவில் குறுக்காக அலை விழும். இரண்டு நிமிடம் கூடுதலாக எடுத்து இழையைப் பார்த்து நேராக்குங்கள், வலை நகராமல் இருக்க எதிர்ப்பக்கத்தில் துணிக் கிளிப் நான்கைப் போடுங்கள்.

கயிறின் முனையை மூலையில் வைத்து ஸ்க்ரூடிரைவரின் மழுங்கிய பக்கத்தால் உள்ளே தள்ளுங்கள். பிறகு உருளை. இடது கை கயிறைக் காடிக்கு மேலே தளர்வாகக் காட்டிக்கொண்டே போகட்டும், வலது கை உருளையைக் குட்டிக் குட்டியாக முன்னும் பின்னும் ஓட்டட்டும். ஒரு சாண் நீளத்தை ஒரே தள்ளில் முடிக்கப் பார்த்தால் கயிறு தானாகவே நீளும். ஒரு தடவை ஓட்டிப் பாதி இறக்கி, இரண்டாம் தடவை முழுக்க இறக்குவது என் வழக்கம். கயிறு விறைப்பாகத் தோன்றினால் அரை மணி நேரம் வெயிலில் போட்டு எடுங்கள், இளகிவிடும். வழுக்கலுக்காக எண்ணெய் தடவாதீர்கள், வழுக்கும் கயிறு பிடிக்காது. மிகவும் இறுக்கமாக இருந்தால் சோப்புத் தண்ணீரைத் துணியில் தொட்டுக் கயிறில் லேசாகத் தடவலாம், அது காய்ந்துவிடும்.

மூலைக்கு வந்ததும் நிறுத்துங்கள். வெளியே நிற்கும் வலையை, மூலையின் வெளி முனையிலிருந்து காடியை நோக்கி, கத்தரியால் சாய்வாக ஒரு வெட்டு வெட்டுங்கள். காடிக்கு அரை சென்டிமீட்டர் முன்னால் கத்தரி நிற்க வேண்டும். இந்த ஒரு வெட்டினால்தான் வலை மூலையில் மடிந்து சேராமல் இரண்டு பக்கமாகப் பிரிந்து படுக்கும். உங்கள் மூலையில் கயிறு துருத்திக்கொண்டு நின்றிருந்தால், விட்டுப்போனது இதுவாகத்தான் இருக்கும். கயிறை வெட்டாமல் மூலையில் திருப்பி, ஸ்க்ரூடிரைவரால் உள்ளே அமுக்கி, அடுத்த பக்கத்துக்குப் போங்கள். நான்கு துண்டாக வெட்டிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் சுருங்கும்போது நான்கு மூலையிலும் இடைவெளி வரும். ஒரே கயிறாக ஓடினால் கவலைப்பட ஒரே ஓர் இணைப்புதான்.

இரண்டாவது, மூன்றாவது பக்கங்களில் எதிர்க் கை உள்ளங்கையால் வலையை வெளிப்பக்கம் லேசாகத் தடவிவிடுங்கள், அவ்வளவுதான். நான்காவது பக்கம் முடிந்து தொடங்கிய மூலைக்கே வந்ததும், கயிறை ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டி, அந்தக் கூடுதலையும் நெருக்கித் தள்ளி உள்ளே அடக்குங்கள். நாளை கொஞ்சம் சுருங்கினாலும் ஈடுகொடுக்கும்.

இப்போது கத்தியை எடுத்துவிடாதீர்கள். மிச்ச வலை வெளியே இருக்கும்வரைதான் திருத்த முடியும். ஷட்டரைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அக்கா வீட்டு ஷட்டரில் ஒரு மூலையிலிருந்து உள்ளே ஒரு சாண் தூரம் சாய்வாக ஒரு சுருக்கம் ஓடியது. அந்த மூலையின் இரண்டு பக்கமும் இருபது சென்டிமீட்டர் கயிறை வெளியே எடுத்து, வலையைத் தட்டிச் சமன்படுத்தி, திரும்ப இறக்கினேன், போய்விட்டது. நடுவில் தொப்பை போலத் தொய்ந்தால் கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் பிரித்துப் போடுங்கள். நீளப் பக்கத்தில் ஒரு நூலை மூலைக்கு மூலை பிடித்து, சட்டம் உள்ளே வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வளைந்திருந்தால் அந்தப் பக்கத்துக் கயிறைக் கழற்றித் தளர்வாகத் திரும்பப் போடுவது ஒன்றே வழி. பிறகு வலையின் நடுவில் உள்ளங்கையை வைத்து மிதமாக அழுத்துங்கள். எங்காவது கயிறு எழும்பினால் அங்கே உருளையை இன்னொரு முறை ஓட்டுங்கள்.

எல்லாம் சரி என்றால் கட்டரில் புது பிளேடு போட்டு, காடியின் வெளிச்சுவரை ஒட்டி, முனை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி வெட்டிக்கொண்டே போங்கள். முனை உள்பக்கம் சாய்ந்தால் மாட்டிய வலையே அறுந்துவிடும், முழு வேலையும் வீண். மழுங்கிய பிளேடு வெட்டாது, இழையைப் பிடித்து இழுக்கும், அந்த இழுப்பில் கயிறும் எழும்பும். அக்கா வீட்டு ஷட்டருக்குக் கழற்றியது முதல் வெட்டியது வரை எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, அதில் பாதி காடியைத் தேய்த்ததற்கு.

திருப்பி மாட்டும்போது மேல்பக்கத்தை முதலில் டிராக்குக்குள் ஏற்றி, பிறகு கீழ்ச் சக்கரத்தை இறக்குங்கள். சக்கரத்துத் திருகைத் தளர்த்தியிருந்தால், ஷட்டர் செங்குத்தாக நின்று நிலையோடு மேலும் கீழும் சமமாக ஒட்டும்வரை அதைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

அதற்குப் பிறகும் கொசு வந்தால் வலையைச் சந்தேகப்படாதீர்கள். ஷட்டரின் ஓரத்தில் கம்பளிப் பட்டை ஒன்று ஓடும், பிரஷ் போல மயிர் நிற்கும். கண்ணாடி ஷட்டருக்கும் வலை ஷட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைப்பது அதுதான். பழைய ஜன்னல்களில் அது தேய்ந்து வழுக்கையாகியிருக்கும். அதுவும் மீட்டர் கணக்கில் கிடைக்கும், அதற்கென்று உள்ள காடியில் ஓரத்திலிருந்து செருகி ஓட்டினால் போதும். கண்ணாடியைப் பாதி திறந்து வைக்கும் பழக்கம் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: வலை ஷட்டரின் செங்குத்துச் சட்டமும் கண்ணாடி ஷட்டரின் செங்குத்துச் சட்டமும் ஒன்றின் மேல் ஒன்று வர வேண்டும். கண்ணாடி அரைகுறையாக நின்றால் இரண்டுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு வழி திறந்திருக்கும். அக்கா வீட்டில் கண்ணாடியை முழுக்கத் தள்ளினால் எங்கே நிற்க வேண்டும் என்று கீழ் டிராக்கில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தேன்.